வராதவர்களுக்கு மட்டும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் நாலைந்து இடங்களில் கத்துகிறேன். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், வகுப்பாசிரியையும் நான்தான். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை, வாசல் கேட்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் நல்ல ஆசிரியை என்ற நினைப்பிலேயே காலம் தள்ளியிருப்பேன்.

எங்கள் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல். ஆசிரியர்கள் அறையிலும் அதே பெயர்தான், குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வோம். மனிதர் கெட்டவர் இல்லை. எதையாவது அளக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். இந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். முந்தின நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு அன்றைய பாடத்தின் சாரத்தை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டும். காலை எட்டு நாற்பதுக்குத் தொடங்கி, மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். இடம், மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் சதுரம். கேட்ட பிள்ளை விடுபட்டோர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

இதுவரை சரி. சுற்றறிக்கையின் கடைசி வரியில்தான் வினை இருந்தது. முந்தின நாள் வகுப்பில் இருந்தவர்கள் இதைக் கேட்கக் கூடாது.

"ஏன் சார்? கேட்டா என்ன குறைஞ்சு போகுது?" என்று கேட்டேன்.

"வந்தவங்க ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாச்சு. இதையும் கேட்டா ரெண்டு தடவை ஆயிடும். வராதவனுக்கு ஒரு தடவைதான். அப்ப அவன் மறுபடியும் ஒண்ணு பின்னாடிதானே டீச்சர் நிப்பான்? அது அநியாயம் இல்லையா?"

அந்த நியாயத்துக்குப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவரே பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக வந்து மூன்றாவது படியில் ஒரு மஞ்சள் கோடு போட்டார். வந்தவர்கள் கோட்டுக்குக் கீழே. வராதவர்கள் மேலே.

முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். காலையில் பஸ் பிடித்து ஓடி வந்து, மூச்சு வாங்கியபடி, நேற்று தொண்டை வறளச் சொன்னதை இன்று ஐந்தே நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் நேரம் இல்லாததே எனக்கு ஒரு வழியைக் காட்டியது. முதலில் நேற்றைய பாடம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்லிவிடுவேன். பிறகு பதில், மூன்று வாக்கியத்துக்கு மேல் போகாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கையில் பிடிக்கக்கூடிய ஏதாவது ஒன்றில் மாட்டிவிடுவேன். அப்புறம் அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். தடுமாறினால் தடுமாறிய இடத்தை மட்டும் இன்னொரு முறை. விஞ்ஞானி பிறந்த வருடம், விதிவிலக்குகள், நான் கல்லூரியில் படித்தபோது நடந்த கதை எல்லாம் தானாகவே கழன்று விழுந்துவிட்டன.

வெப்பம் எப்படி இடம் மாறுகிறது என்ற பாடம் வந்தது. ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டேன். நான்கு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தேன்.

"யாரும் நகராம, கைக்குக் கை மாத்துங்க. இது கடத்தல். கரண்டியோட ஒரு நுனி அடுப்புல இருந்தா மறு நுனி சுடுறது இப்படித்தான். இப்ப நீ அதை எடுத்துக்கிட்டு நடந்தே போய்க் குடு. இது சலனம். பாத்திரத்துல சூடான தண்ணியே மேல போகும், குளிர்ந்தது கீழ வரும். இப்ப இங்கிருந்து தூக்கிப் போடு. நடுவுல யாருமே வேண்டாம். இது கதிர்வீச்சு. வெயில் நம்ம கிட்ட வர்றது இப்படி. எங்க, திருப்பிச் சொல்லு?"

சொன்னார்கள். இரண்டரை நிமிடம் ஆனது. மீதி நேரத்தில் பையன் ஒருவன் சாக்பீஸைத் தின்று பார்த்தான்.

முதல் இடைத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோது என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் பையன் ஒருவன் உண்டு, பெயரே காய்ச்சல். அவன் பத்துக்கு ஒன்பது. அக்கா கல்யாணத்துக்கென்று பத்து நாள் காணாமல் போனவள் பத்துக்குப் பத்து. ஒரு நாள் தவறாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு, மூன்று, நான்கரை.

ஸ்கேல் வரைபடத் தாளில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் வராத நாட்கள், இன்னொரு பக்கம் மதிப்பெண். கோடு நேராக மேலே ஏறியது.

"டீச்சர், உங்க வகுப்புல உக்காருறதால பிள்ளைங்களுக்கு ஏதோ பாதிப்பு ஏற்படுது," என்றார், மருத்துவமனையில் பேசுகிற குரலில்.

நான் கத்தினேன். இது முதல் இடம்.

ஆனால் விஷயம் அதற்குள் வெளியே கசிந்துவிட்டது. அடுத்த வாரமே விடுப்புக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது: "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, என் மகன் தொடர்ந்து பள்ளிக்கு வருவதால் அறிவியலில் பின்தங்குகிறான். ஆகவே செவ்வாய், புதன் ஆகிய இரு நாட்கள் விடுப்பு அளித்து அவன் முன்னேற உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எழுதியவர் வக்கீல். மடித்த விதமே தெரிவித்தது, மனிதர் விளையாடவில்லை.

ஒரு திங்கட்கிழமை வகுப்பில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். மறுநாள் காலை மாடிப்படியில் முப்பத்தொரு பேர், நிற்க இடமில்லாமல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. ஸ்கேல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், பிறகு எழுந்து அவர் பாணியில் ஒரு தீர்வு கண்டார். சுழற்சி விடுப்பு. வரிசை எண்படி ஒரு நாளைக்கு ஆறு பேர். அதற்கு மேல் யாரும் வராமல் இருக்கக் கூடாது. வராமல் இருக்க வேண்டியவன் வந்துவிட்டால் திருப்பி அனுப்பப்படுவான். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது தேர்வு முடிவு பார்ப்பதுபோல் முண்டியடித்தார்கள்.

பட்டியலில் பதினேழாவது எண்ணுக்கு எதிரே ஒரு பெண் தன் முறையைத் தானே பேனாவால் அடித்துவிட்டாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளுக்குப் பெயர் ஆணி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, பெஞ்சில் அடித்த ஆணிபோல் இருப்பாள் என்று யாரோ வைத்தது. அம்மா நகரப் பேருந்தில் கண்டக்டர். ஏழரைக்கு அவளை கேட்டில் இறக்கிவிட்டு வண்டி போய்விடும். கணுக்கால் பிசகிய வாரம்கூட வாட்ச்மேனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தவள். ஆண்டுவிழாவில் ஒவ்வொரு வருடமும் முழு வருகைக்கு அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கிடைக்கும். வீட்டில் ஆறு தண்ணீர் பாட்டில் இருக்கிறதாம்.

அறிவியலில் மட்டும் அவள் தேறவில்லை. முதல் தேர்வில் மூன்று, இரண்டாவதில் இரண்டரை. ஆண்டுத் தேர்வில் முப்பத்தைந்து எடுக்காவிட்டால் ஏழாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம். நாற்பத்தொரு பேரும் மேலே போக, வராதவர்கள் எல்லோரும் மேலே போக, ஒரு நாள் தவறாமல் வந்தவள் மட்டும் கீழே நிற்பாள். அதை நினைத்தால் எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. அது அநியாயம்தான், இருந்தாலும் வந்தது.

ஒரு நாள் மதியம் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நானும் காலைல படியில வந்து கேக்கலாமா? ஓரமா நிக்கிறேன்."

"நீதான் வந்தவளாச்சே! கோட்டுக்கு மேல வந்தா சார் என்னைத்தான் பிடிப்பார். உன் முறை வந்தப்ப ஏன் அடிச்ச?"

"லீவு போட முடியாது டீச்சர்."

"ஏன், தண்ணி பாட்டில் போயிடுமா?"

குத்தலாகத்தான் கேட்டேன். அவள் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு எல்லாரும் கைதட்டுறது அது ஒண்ணுக்குத்தான் டீச்சர். வேற எதுவும் எனக்கு வராது."

ஸ்கேலிடம் போனேன். ஒரே ஒரு பெண்ணுக்கு விலக்கு கொடுங்கள் என்றேன். விலக்கு கொடுத்தால் வருகைப் பதிவேடும் விடுபட்டோர் பதிவேடும் ஒன்றையொன்று பொய் சொல்லும் என்றார். நான் கத்தினேன். அவர் நீர் குடிக்கச் சொன்னார்.

சரி, நானே மதிய இடைவேளையில் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவளை ஆய்வகத்தில் உட்கார வைத்தேன். புத்தகத்தைத் திறந்தேன். முதல் பத்தியிலிருந்து தொடங்கினேன். விஞ்ஞானி பிறந்த வருடம், மூன்று விதிவிலக்கு, என் கல்லூரிக் கதை, போர்டில் படம். நாக்கு உலரும்வரை சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தபோது என் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது.

"புரிஞ்சுதா?"

"வகுப்புல இருக்கிற மாதிரியே இருந்துச்சு டீச்சர்," என்றாள் மரியாதையாக.

நான் கத்தினேன். எத்தனையாவது இடம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை வருகைப் பதிவு எடுத்தேன். பதினேழு என்றேன். பதில் இல்லை. பதினேழு என்று மறுபடி சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் இடம் காலியாக இருந்தது.

"டீச்சர், அங்க!" என்றான் காய்ச்சல், ஜன்னலைக் காட்டி. அன்று அவன் அதிசயமாக வந்திருந்தான்.

கேட்டுக்கு வெளியே நடைபாதையில், சீருடையோடு, இரட்டைச் சடையோடு, மடியில் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக ஆணி உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் தன் நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். எனக்கு முன்னாலேயே ஸ்கேல் அங்கே இருந்தார், கம்பிகளுக்கு இந்தப் பக்கம்.

"உள்ள வாம்மா. ஏழாவதா ஒருத்தர் வராம இருக்கக் கூடாது."

"நான் இன்னைக்கு வரல சார்."

"வரலைன்னா வீட்ல இருக்கணும்."

"அம்மா காலைல இங்கதான் இறக்கி விட்டாங்க சார். வீட்டுச் சாவி அவங்ககிட்ட இருக்கு."

ஸ்கேல் மோவாயைத் தடவினார். "கண்ணுக்குத் தெரியிற பிள்ளையை எப்படி டீச்சர் வரலைன்னு போடுறது?" என்று என்னைக் கேட்டார். பிறகு அவர் கண்கள் ஒளிர்ந்தன. "உன் விரல் நாலும் கம்பிக்கு உள்ள இருக்கு."

அவள் சட்டென்று கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவர் குனிந்து அவள் செருப்பு நுனியையும் கேட்டின் கீழ்ச்சட்டத்தையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நிமிர்ந்து, தோற்றவரின் குரலில், "வரலைன்னே போடுங்க," என்றார்.

"ஏய், பைத்தியமா உனக்கு? ஏழு வருஷம்! போயிடும் எல்லாம். இப்பவே உள்ள வா, நான் பாத்துக்கிறேன்," என்றேன் நான்.

"பேசாதீங்க டீச்சர்," என்றாள் கெஞ்சலாக. "நீங்க பேசினா நான் வந்த மாதிரி ஆயிடும். நாளைக்குக் காலைல சொல்லுங்க, போதும்."

அன்று கடைசிப் பாடவேளைதான் அறிவியல். மின்சுற்று. மேசையில் பேட்டரி, ஒயர், சின்ன பல்பு எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நாற்பது நிமிடமும் அவை அப்படியே கிடந்தன. பிள்ளைகள் ஜன்னலில் குவிந்திருந்தார்கள். இப்போது சாப்பிடுகிறாள், இப்போது வாட்ச்மேன் தண்ணீர் கொடுக்கிறார், இப்போது யாரோ ஒரு மனிதர் விசாரிக்கிறார், ஸ்கேல் ஓடிப் போய் விளக்குகிறார் என்று காய்ச்சல் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான். உட்காருங்கள் என்று நான் கத்தினேன். கத்திவிட்டு நானும் ஜன்னலுக்குத்தான் போனேன். மணி அடிக்கும்வரை அங்கேதான் நின்றேன். வெயில் நகர நகர அவள் நாற்காலியையும் நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டை நோக்கி ஒரு விரற்கடைகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது. முந்தின நாள் முறையில் வராத ஆறு பேரையும் உடற்கல்வி மாஸ்டர் மைதானத்துக்கு இழுத்துப் போயிருந்தார், ஆண்டுவிழா ஒத்திகைக்கு. சதுரத்தில் ஆணி மட்டும் நின்றாள். தலையை அழுத்தி வாரியிருந்தாள், புது நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்துக் கையில் வைத்திருந்தாள். கோட்டுக்கு மேலே அவள் நிற்பது அதுதான் முதல் முறை, அடிக்கடி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள். படியடியில் ஸ்கேல் கடிகாரத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் வகுப்பில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

"சொல்லுங்க டீச்சர். நேத்து என்ன பாடம்?"

நான் தோள்பையைச் சரி செய்துகொண்டேன்.

"நேத்து..." என்றேன். "நேத்து பாடம் எதுவும் நடக்கலம்மா."

அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாகக் கழன்றது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. நோட்டை மூடினாள். மூடியது மறுபடி திறந்துகொள்ள, மறுபடி மூடினாள்.

"ஏன் டீச்சர்?"

"உன்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

படியடியிலிருந்து ஸ்கேலின் குரல் வந்தது, அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "நடத்தாத பாடத்தைச் சொல்ல முடியாது டீச்சர். பாடம் என்கிற கட்டத்துல என்ன எழுதுறது? நேரம் எட்டு நாப்பத்தொண்ணு."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. வெட்கமாக இருந்தது, உடம்பு முழுக்க வெட்கம். நான் படியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன், முகம் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி.

"உனக்கு எந்தப் பாடத்துல இருந்து புரியாம போச்சு?"

"முதல் பாடம் டீச்சர்."

"வெப்பமா?"

"ஆமா."

என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். நான்கு பேர் வேண்டும். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். படியடியைப் பார்த்து, "ரெண்டு பேர் மேல வாங்க," என்றேன். ஸ்கேல் குறுக்கே கையை நீட்டினார். காய்ச்சல் குனிந்து கைக்கு அடியில் நுழைந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் கைக்குக் கை போனது. பிறகு நடந்து போனது. பிறகு பறந்து போனது. ஸ்கேலின் நெற்றியில் பட்டு விழுந்தது, அவர் அதை எடுத்துப் பத்திரமாகப் படியில் வைத்தார்.

"எங்க, திருப்பிச் சொல்லு."

அவள் சொன்னாள். சலனத்தில் தடுமாறினாள். அந்த இடத்தை மட்டும் மறுபடி சொன்னேன். மறுபடி சொன்னாள், இந்த முறை கரண்டியும் பாத்திரமும் வெயிலும் அது அது இடத்தில் இருந்தன.

ஆண்டுத் தேர்வில் அவள் நாற்பத்தொன்று எடுத்து எட்டாம் வகுப்புக்குப் போனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அன்று படியில் வெப்பப் பாடம் முடிந்தபோது மணி எட்டு நாற்பத்து நான்கு. அவள் நோட்டில் மூன்றே மூன்று வரி எழுதி, அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் குறும்பு இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதானா டீச்சர்? அப்ப தினமும் நாப்பது நிமிஷம் எங்ககிட்ட என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"